காட்டு முகாமுக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பும் முன்

மதுரையில் ஐந்தாம் வகுப்பு முடித்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி. மே மாதம், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் ஐந்து நாள் இயற்கை முகாம். பெற்றோர் உடன் வர முடியாது. இப்படி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பறவை நோக்கல், ஓடைக்கரை நடை, இரவில் பூச்சி பார்த்தல் என்று முகாமின் விளம்பரம் பகலைத்தான் அழகாகச் சொல்லும். பெற்றோர் முதலில் விசாரிக்க வேண்டியது இரவைப் பற்றி.

பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள், அந்த அறையிலோ கூடாரத்திலோ இரவு முழுக்க எந்தப் பெரியவர் இருக்கிறார் என்று கேளுங்கள். ஒன்பது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் இரவு தங்கும் முகாம்களில் எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் வேண்டும் என்பது அமெரிக்க முகாம் சங்கம் வைத்திருக்கும் அளவு. நாமும் அதையே அளவாகக் கொள்ளலாம். சமையல்காரரையும் ஓட்டுநரையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எந்தப் பிள்ளையும் எந்த நேரத்திலும் ஒரே ஒரு பெரியவரோடு மறைவாக இருக்கும் நிலை வராதபடி முகாமில் விதி இருக்கிறதா? இதைக் கேட்கத் தயங்கவே கூடாது. நல்ல முகாம்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். விதியை எடுத்துக் காட்டுவார்.

அடுத்தது பாம்பு. கண்ணாடி விரியன் கடித்தால் வலியும் வீக்கமும் காட்டிக் கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படியல்ல. இரவில் நடமாடும் அது, தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பெரும்பாலும் வலி இருக்காது, பல்தடம் தெரியாமலும் போகும். விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, கொஞ்ச நேரத்தில் இமைகளைத் தூக்க முடியாமல் தவிக்கும். பிறகு மூச்சுவிடும் தசைகள் தளரும். முந்தைய நாள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்கும் பொறுப்பாளரால் அந்த நேரம் வீணாகும். ஆகவே, கட்டிலா தரையா, மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலை உண்டா என்று கேளுங்கள். விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனை எது, இரவில் அங்கே போக எத்தனை நிமிடம், வண்டி முகாமிலேயே நிற்குமா என்றும் கேளுங்கள். 'பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறது' என்பது பதிலாகாது. மருத்துவமனையின் பெயரை அவர்கள் சொல்ல வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பேன். கோடை மழை மலை உச்சியில் கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். முழங்கால் அளவு ஓடை சில நிமிடங்களில் வெள்ளமாகிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படி வந்த திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. முகாமில் 'ஆற்றுக் குளியல்' இருந்தால், மேலே மேகம் கூடினாலே நிகழ்ச்சியை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்று கேளுங்கள்.

காட்டுக்குள் நடைப்பயணம் உண்டென்றால் வனத்துறை அனுமதிக் கடிதத்தில் எந்தப் பாதை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அனுமதியில்லாத பாதை என்பதே அப்போது எழுந்த முக்கியமான குற்றச்சாட்டு.

இனி பிள்ளையின் பக்கம். பத்து வயதில் வீட்டு ஏக்கம் வராமல் இருக்காது. முதல் இரண்டு இரவுகளில்தான் அது பெரும்பாலும் கடுமையாக இருக்கும். முகாமுக்கு முன்பே சித்தி வீட்டிலோ தோழி வீட்டிலோ நீங்கள் இல்லாமல் இரண்டு இரவு தூங்கிப் பார்க்கட்டும். 'பிடிக்கலைன்னா போன் பண்ணு, உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உன்னால் முடியாது என்று நாமே சொல்லி அனுப்புவதாகிவிடும். முதல் அழுகையிலேயே அவள் மனம் வாசலுக்குப் போய்விடும். 'அழுகை வந்தால் அக்காவிடம் சொல், கொஞ்ச நேரத்தில் சரியாகும்' என்று சொல்லுங்கள். ஆனால் யாராவது தொட்டதோ பேசியதோ பிடிக்கவில்லை என்றால், எந்த நேரமானாலும் போன் கேட்டு வாங்கி வீட்டுக்குப் பேசலாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். வீட்டு ஏக்கமும் இதுவும் ஒன்றல்ல என்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். ஆஸ்துமா, ஒவ்வாமை, இரவில் படுக்கை நனைத்தல் எதையும் வெட்கப்பட்டு மறைக்காமல் முகாமுக்கு எழுதிக் கொடுங்கள்.

பணம் கட்டும் முன் ஒருமுறை நேரில் போய்ப் படுக்கும் இடத்தையும் கழிப்பறைக்குப் போகும் வழியையும் பாருங்கள். பார்க்க விடாத முகாமுக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.