உப்புத் தண்ணீரில் மிதந்தாலும் நம்பாதே!
ஆம்பரில் போலியைப் பிடிப்பது எப்படி?

லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தையே 71 வருஷம் ஏமாற்றியது ஒரு ஈ! 1922-ல் அங்கு வந்து சேர்ந்த ஆம்பர் துண்டு. உள்ளே ஒரு கக்கூஸ் ஈ. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய ஈ என்று நிபுணர்களே நம்பினார்கள்.

1993-ல் ஆன்ட்ரூ ராஸ் என்ற ஆராய்ச்சியாளர் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். விளக்குச் சூட்டில் துண்டில் விரிசல் ஓடியது. குட்டு அம்பலம்! ஆம்பரை இரண்டாக அறுத்து, குடைந்து, சாதாரண ஈயை வைத்து ஒட்டியிருந்தான் யாரோ ஒரு கில்லாடி.

அங்கே ஆம்பர் அசல், ஈ போலி. சந்தைக்கு வரும் மணிகளில் ஆம்பரே போலியாக இருப்பதுண்டு.

ஆம்பர் கல் அல்ல. மரத்துப் பிசின் மண்ணில் புதைந்து, கோடிக்கணக்கான வருஷம் இறுகியது. போலந்து பக்கம் பால்டிக் கடலோரத்தில் கிடைப்பது பேர்போனது. சில ஆயிரம் வருஷமே ஆன இளம் பிசினுக்குப் பெயர் கோபல். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். விலையோ மலிவு.

உப்பு சோதனை

கால் லிட்டர் தண்ணீரில் எட்டு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, உதிரி மணியைப் போடுங்கள். கொக்கி, கம்பி இருந்தால் கணக்கு தப்பிவிடும். பேக்கலைட், கண்ணாடி எல்லாம் அடியில் போய் உட்காரும். ஆம்பர் மிதக்கும். ஆனால் கோபலும் மிதக்கும்! பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் மிதக்கும். ஆகவே மூழ்கினால் போலி. மிதந்தால் பாதி விசாரணைதான் முடிந்தது.

ஊசி பேசும்

பழுக்கக் காய்ச்சிய ஊசியை மணியின் துளைக்குள் லேசாக வையுங்கள். தழும்பு விழும், அதனால் சொந்த மணியில் மட்டும்! பிளாஸ்டிக் என்றால் மூக்கை எரிக்கும் நாற்றம். ஆம்பரில் குங்கிலியம் போல வாசனை வரும், ஊசி சுலபத்தில் இறங்காது. கோபலிலும் வாசனை வரும். ஆனால் உடனே இளகி, ஊசியில் பிசுபிசுவென்று ஒட்டும். கர்ப்பூர வாசனை வந்தால் பக்திப் பரவசம் வேண்டாம். அது செல்லுலாய்டு, குப்பென்று தீப்பிடிக்கும்!

நோட்டு விளக்கு

கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு கடைக்காரர்களிடம் இருக்குமே, அதுவே போதும். இருட்டில் அடித்தால் பால்டிக் ஆம்பர் பெரும்பாலும் நீலம் கலந்த வெண்மையாக ஒளிரும். கோபல் மங்கலாகவே தெரியும். பிளாஸ்டிக் பல சமயம் சும்மா கிடக்கும். ஒளிரும் சரக்கு கலந்த பிளாஸ்டிக்கும் உண்டு. அதனால் விளக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

கோபலைச் சூட்டிலும் அழுத்தத்திலும் வைத்து முற்ற வைக்கும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். அந்தச் சரக்கு ஊசிக்கு மசியாது. ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் அகச்சிவப்புக் கதிர் சோதனைதான் வழி.

லண்டன் ஈ இருந்த துண்டோ மூன்றிலும் பாஸ் ஆகியிருக்கும். உள்ளே பூச்சி இருந்தால், லென்ஸ் வைத்து ஒட்டுக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.