ஸ்டூடியோ போட்டோவா, மொட்டை மாடி போட்டோவா?

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு நேயர் ரெண்டு போட்டோ அனுப்பியிருந்தாங்க. ரெண்டுலயும் இருக்கறது அவங்கதான். பி.காம் முடிச்சிட்டு சென்னையில கணக்கு வேலை தேடுறாங்க, இன்டர்வியூன்னா திருத்தணி வந்து ரயில் பிடிச்சுப் போறாங்க. கூட ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தாங்க: "லிங்க்ட்இன்ல எதைப் போடட்டும்ணா?" அவங்க அனுமதியோட, பெயர் சொல்லாம, இந்த எபிசோட் முழுக்க அந்த ரெண்டு போட்டோவைப் பத்தி மட்டும்தான் பேசப்போறோம்.

முதல் போட்டோ ஸ்டூடியோவுல எடுத்தது. நீலப் பின்னணி, இஸ்திரி போட்ட சட்டை, வாய் மூடி, நேராகக் கேமராவைப் பார்க்கிற முகம். கல்லூரி கடைசி வருஷம் விண்ணப்பங்களுக்காக எடுத்தது, ரெண்டு வருஷம் ஆகுது. ஸ்டூடியோக்காரர் வழக்கம்போல டச்சப் பண்ணிக் கொடுத்திருக்கார். கன்னத்துல இருந்த மச்சம் காணோம், நிறம் நல்லா ரெண்டு படி ஏறியிருக்கு.

ரெண்டாவது, ஆடிக் கிருத்திகை அன்னைக்கு சாயங்காலம் வீட்டு மொட்டை மாடியில தோழி போன்ல எடுத்தது. காட்டன் சுடிதார், நெத்தியில குங்குமம், தலையில மல்லி. லேசா சிரிக்கிறாங்க. பின்னாடி பக்கத்து தறி ஷெட்டோட ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அவங்க தலைக்கு மேலேயே முளைச்ச மாதிரி ஒரு கறுப்பு சின்டெக்ஸ் டேங்க்.

வீட்டுல எல்லாருடைய ஓட்டும் ஸ்டூடியோ போட்டோவுக்குத்தான். அவங்களுக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. இதுல முதல்ல சொல்லவேண்டியது என்னன்னா, அந்த ஓட்டு எதையும் எண்ணக்கூடாது. அவங்க ஓட்டு உட்பட.

ஏன்னு சொல்றேன். 2011-ல பிரிட்டனில் ராப் ஜென்கின்ஸும் அவர் கூட இருந்த ஆய்வாளர்களும் ஒரு சோதனை செஞ்சாங்க. 40 போட்டோவை ஒருத்தர் கையில கொடுத்து, "ஒவ்வொரு ஆளையும் தனித்தனிக் குவியலா பிரிங்க"ன்னு சொன்னாங்க. உண்மையில அந்த 40 போட்டோவுல இருந்தது ரெண்டே ரெண்டு பேர்தான், நெதர்லாந்து பிரபலங்கள். அவங்களை முன்னப்பின்ன பார்த்திராத பிரிட்டிஷ்காரங்க ஏழு, எட்டு, ஒன்பதுன்னு குவியல் போட்டாங்க. ஒரே ஆளோட வெவ்வேறு போட்டோ அவங்களுக்கு வெவ்வேறு ஆளாத் தெரிஞ்சது. அதே கட்டை நெதர்லாந்துக்காரங்க கையில கொடுத்தப்போ, சரியா ரெண்டு குவியலாப் பிரிச்சு வெச்சிட்டாங்க.

இதை நம்ம விஷயத்துக்குக் கொண்டு வாங்க. அம்மா எந்தப் போட்டோவைப் பார்த்தாலும் அதுல மகளைத்தான் பார்க்கிறாங்க. போட்டோவுல இல்லாததையும் அவங்க மனசு நிரப்பிக்குது. சென்னையில ஒரு ஆபீஸ்ல உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பார்க்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு அந்தப் போட்டோ மட்டும்தான் ஆள். வீட்டுக்காரங்க பார்க்கிற போட்டோவும் அவர் பார்க்கிற போட்டோவும் ஒரே ஃபைலா இருக்கலாம், ஆனா ஒரே போட்டோ இல்லை.

சரி, நம்ம போட்டோவை நாமே தேர்ந்தெடுத்தா என்ன? அதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. சிட்னியில இருக்கற நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வைட் குழு 2017-ல வெளியிட்ட ஆய்வு அது. 102 மாணவர்கள், ஆளுக்கு 12 சொந்தப் போட்டோ. நட்பு வட்டத்துக்கு எது, டேட்டிங்குக்கு எது, தொழில்முறைப் பக்கத்துக்கு எதுன்னு அவங்களையே தேர்வு செய்யச் சொன்னாங்க. அதே போட்டோக்களை அவங்களைத் தெரியாத ஒருத்தரும் தேர்வு செஞ்சார். அப்புறம் வேற அந்நியர்கள் வந்து, இந்த முகம் திறமையாத் தெரியுதா, நம்பலாமான்னு மதிப்பெண் போட்டாங்க. ஜெயிச்சது, தெரியாதவங்க தேர்வு செஞ்ச போட்டோ. நம்ம முகத்தை நாம நல்லாக் காட்டத் தெரிஞ்சவங்கன்னு நினைக்கிறோம், ஆனா யாரோ ஒருத்தர் அதை நம்மைவிட நல்லாச் செய்யறார்!

இதுக்கு ஒரு காரணம் கண்ணாடின்னு எனக்குத் தோணுது. நம்ம முகத்தை நாம பெரும்பாலும் இடம் வலம் மாறித்தான் பார்த்திருக்கோம். 1977-லயே ஒரு சோதனை இருக்கு: ஒருத்தருடைய போட்டோவையும் அதையே கண்ணாடி மாதிரித் திருப்பின போட்டோவையும் காட்டினா, அவருக்குப் பிடிச்சது பெரும்பாலும் திருப்பினது, நண்பர்களுக்குப் பிடிச்சது நேரானது. பழகின முகம் அழகாத் தெரியுது, அவ்வளவுதான்.

இப்போ நம்ம ரெண்டு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வைப்போம். உடனே வைக்காதீங்க, முதல்ல ரெண்டையும் ஒரே மாதிரி வெட்டணும். ஸ்டூடியோ போட்டோவுல முகம் பெருசு, மாடி போட்டோவுல இடுப்பு வரை இருக்கு. அப்படியே ஒப்பிட்டா நீங்க முகத்தை ஒப்பிடலை, சைஸை ஒப்பிடறீங்க. ரெண்டையும் சதுரமா, தலையும் தோளும் வர்ற மாதிரி வெட்டுங்க. சட்டத்துல ஏறக்குறைய 60 சதவீதம் முகம் இருக்கட்டும். அப்புறம் நாலு மூலையும் போயிடும்னு மனசுல வெச்சுக்கங்க, ஏன்னா லிங்க்ட்இன்ல போட்டோ வட்டமாத்தான் தெரியும்.

அடுத்து, சின்னதாக்கிப் பாருங்க. தேடல் பட்டியல்லயும் கமென்ட் பக்கத்துலயும் உங்க முகம் விரல் நக அளவுதான் வரும். அந்த அளவுக்குச் சுருக்கி, போனைக் கை நீட்டின தூரத்துல பிடிச்சுப் பார்த்தா போதும்.

இந்தச் சோதனையில ஸ்டூடியோ போட்டோதான் ஜெயிச்சது, உண்மையைச் சொல்லணும்ல. வெளிர் நீலத்துக்கு முன்னாடி கறுப்பு முடி தெளிவாப் பிரிஞ்சு நிக்குது. மாடி போட்டோவுல டேங்கும் முடியும் ஒண்ணாக் கலந்து, என்னமோ கொண்டை வளர்ந்த மாதிரி இருந்தது. ஆனா அந்தக் குறை எப்படிப்பட்டதுன்னு பாருங்க. கொஞ்சம் இறுக்கி வெட்டினதும் டேங்க்ல முக்கால்வாசி போயிடுச்சு, மிச்சம் வட்டத்துக்கு வெளியே. ஷெட் கூரை சாம்பல் பட்டையா மங்கிடுச்சு. அதாவது இது வெட்டுல சரியாகிற குறை.

ஸ்டூடியோ போட்டோவோட குறை அப்படி இல்லை. முகத்துக்கு ரெண்டு பக்கமும் லைட் அடிச்சு எடுத்ததால நிழலே இல்லாம முகம் தட்டையா இருக்கு. கூடவே டச்சப்ல தோல் வழவழன்னு ஆகி, கண்ணும் உதடும் ஒட்டவெச்ச மாதிரி நிக்குது. மச்சம் போனது, நிறம் மாறினது, இதையெல்லாம் வெட்டிச் சரி பண்ண முடியாது. மாடி போட்டோவுல சாயங்கால வெளிச்சம் ஒரு பக்கமா விழுது, மூக்குக்கும் கன்னத்துக்கும் வடிவம் இருக்கு.

நிறத்தைப் பத்திக் கொஞ்சம் நிறுத்திப் பேசணும். "கொஞ்சம் கலரா இருந்தா என்ன, நல்லதுதானே"ன்னு வீட்டுல சொன்னாங்களாம். அழைப்பு வந்து வீடியோ காலை ஆன் பண்ணும்போது என்ன நடக்கும்? அந்தப் பக்கம் இருக்கறவர் நெதர்லாந்துக்காரர் மாதிரி இல்லை, அந்த 40 போட்டோவை முதல் தடவை பார்த்த பிரிட்டிஷ்காரர் மாதிரி. பக்கத்துல போட்டோ, திரையில முகம். அவருக்கு அது ரெண்டு ஆளாத் தெரிய நிஜமாவே வாய்ப்பிருக்கு. முதல் அரை நிமிஷம் கணக்கைப் பத்தி யோசிக்காம இதைப் பத்தி யோசிப்பார். வேலை தேடுற பொண்ணுக்கு அந்த அரை நிமிஷம் பெரிய விஷயம்.

குங்குமமும் பூவும் "ரொம்ப கோயில் மாதிரி இருக்கு"ன்னு அவங்களுக்கே ஒரு தயக்கம். நான் கேட்டது ஒண்ணுதான்: இன்டர்வியூவுக்குப் போகும்போது எப்படிப் போவீங்க? குங்குமம் தினமும் வெச்சுக்கறதுதான், பூ நல்ல நாள்ல மட்டும்னு சொன்னாங்க. அப்போ குங்குமம் இருக்கட்டும். மல்லி, வெட்டினப்புறம் ஓரத்துல ஒரு வெள்ளைப் புள்ளியா மட்டும்தான் தெரியுது.

கடைசியா அந்நியர்கள்கிட்ட கேட்டோம். இதை நீங்களும் செய்யலாம், ஆனா முறையாச் செய்யணும். தோழியோட ஆபீஸ்ல, உங்களைப் பார்த்திராத பத்துப் பேர் கிடைச்சா போதும். ரெண்டு போட்டோவையும் சேர்த்துக் காட்டாதீங்க. சேர்த்துக் காட்டினா எது அழகுன்னு பார்க்க ஆரம்பிச்சிடுவாங்க. வேலைக்கு எடுக்கிறவர் ஒண்ணைத்தானே பார்க்கப்போறார்? அஞ்சு பேருக்கு ஒண்ணு, மத்த அஞ்சு பேருக்கு இன்னொண்ணு. கேள்வியும் "நல்லாருக்கா?" இல்லை. "கணக்கு வேலைக்கு இவங்களைக் கூப்பிட்டுப் பேசுவீங்களா, ஏழுக்கு எத்தனை?"ன்னு கேளுங்க. "ஏன்?"னு ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்க. பத்துப் பேர்ல அரை மதிப்பெண் வித்தியாசம் வந்தா அதுக்கு அர்த்தமே இல்லை, அந்த "ஏன்" தான் உபயோகப்படும்.

நம்ம நேயருக்கு வந்த பதில்கள்ல ஸ்டூடியோ போட்டோவுக்கு "ஹால் டிக்கெட் மாதிரி இருக்கு"ன்னு ஒண்ணு, "ஸ்கூல் பொண்ணா?"ன்னு ஒண்ணு. மாடி போட்டோவைப் பார்த்தவங்கள்ல ஒருத்தர் "இவங்ககிட்ட போய் சந்தேகம் கேட்கலாம் போல"ன்னு சொன்னார். டேங்கைப் பத்தி ஒருத்தரும் பேசலை.

அவங்க மாடி போட்டோவைத்தான் ஏத்தியிருக்காங்க. முதல் தடவை ஏத்தினப்போ மங்கலா வந்தது, காரணம் தோழி அதை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பியிருந்தாங்க, அது படத்தைச் சுருக்கிடும். டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லி வாங்கி, 400-க்கு 400 பிக்சலுக்குக் குறையாம வெட்டி ஏத்தினதும் சரியாயிடுச்சு. ஸ்டூடியோ போட்டோ ஹால் டிக்கெட்டுக்குப் பத்திரமா இருக்கு. அதுலயும் அந்த மச்சத்தைத் திருப்பி வெச்சுத் தரச் சொல்லி ஸ்டூடியோவுல கேட்டிருக்காங்களாம்.