‘கஷ்டம்தான் கண்ணு’ என்பதோடு பேச்சு முடிந்துவிட்டால்? - வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளை வீடியோவாக எடுப்பது எப்படி?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள 14 நாடுகளில் ஒன்று ஆலத்தூர் நாடு. மலையில் ‘நாடு’ என்றால் பல சிற்றூர்கள் சேர்ந்த ஒரு பகுதி. கால்நடையாகவே மலை ஏறி இறங்கிய காலம், சாமையும் கேழ்வரகுமே சோறாக இருந்த காலம், பிறகு மரவள்ளி காடுகளைப் பிடித்துக்கொண்ட காலம் என மூன்றையும் பார்த்த தலைமுறை இன்று எழுபதைத் தாண்டி நிற்கிறது. அவர்கள் வாழ்க்கையில் பெரும்பகுதி எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால், கையில் போன் இருக்கும் பேரனோ பேத்தியோ குடும்பத்துக்காக ஒரு சின்ன ஆவணப்படம் எடுக்க நினைத்தால், முழுக்கப் பெரியவரின் வாய்ச்சொல்லைத்தான் நம்ப வேண்டும்.

ஆனால் கேமராவை வைத்துவிட்டு, “ஆயா, அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? “கஷ்டம்தான் கண்ணு. இப்ப நீங்கல்லாம் நல்லா இருக்கீங்க.” அதோடு பேச்சு முடிந்துவிடும்.

கேள்வியில் என்ன பிழை?

‘அந்தக் காலம்’ என்பது ஐம்பது வருடம். அதை ஒரே பதிலில் சொல்லச் சொன்னால் யாராக இருந்தாலும் சுருக்கத்தான் செய்வார்கள். நினைவு ஒரு இடத்திலோ, ஒரு வேலையிலோ, ஒரு பொருளிலோதான் ஒட்டிக்கொண்டிருக்கும். கேள்வியும் அங்கே போக வேண்டும்.

“கல்யாணம் ஆகி வந்த புதுசுல, காலையில எந்திரிச்சதும் முதல் வேலை என்ன ஆயா?” என்று கேட்டுப் பாருங்கள். சாமையை உரலில் போட்டுக் குத்தியது, முறத்தில் புடைத்தது, கூட யார் உலக்கை பிடித்தார்கள், மாமியார் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாக வரும். ‘கஷ்டம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இருந்தது இதெல்லாம்தான்.

பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவையே முதியவர்களுக்கு அதிகமாக நினைவிருக்கும் என்கிறார்கள் உளவியல் ஆய்வாளர்கள். எனவே முதல் நாள் சிறு வயதிலும் கல்யாணத்திலும் தொடங்குவது நல்லது. போன வருட ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றி முதலில் கேட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கைக்கு வேலை இருந்தால் வாய் இன்னும் இலகுவாகத் திறக்கும். ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி 1974இல் தன் அப்பா, அம்மாவைப் பேசவைத்து ‘இத்தாலியன் அமெரிக்கன்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். நியூயார்க்கில் அவர்களுடைய வீட்டிலேயே படப்பிடிப்பு. அம்மா கேத்தரின் குழம்பு வைத்துக்கொண்டே பேசுவார். அந்தக் குழம்பின் செய்முறை படத்தின் கடைசி டைட்டிலில் வரும். ஆலத்தூர் நாட்டில் அதே வேலையை முறமோ, உரிக்க வேண்டிய அவரையோ செய்துவிடும்.

அமைதியை என்ன செய்வது?

சாதாரணப் பேச்சில் ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடைவெளி சராசரியாக 0.2 விநாடிதான் என்று பத்து மொழிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று காட்டியது. அதனால்தான் ஐந்து விநாடி அமைதிகூட நமக்கு நெளியவைக்கிறது. உடனே அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம். பெரியவர் அப்போதுதான் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்திருப்பார், அது அப்படியே போய்விடும்.

பதில் முடிந்தது போலத் தோன்றியதும் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள், போனைப் பார்க்க வேண்டாம். பல நேரம் முதல் பதில் எல்லோருக்கும் சொல்லிப் பழகிய பதிலாக இருக்கும். அமைதிக்குப் பிறகு வரும் இரண்டாவது பதிலில்தான் இதுவரை சொல்லாதது இருக்கும்.

எல்லா அமைதியும் ஒன்றல்ல. பார்வை தூரத்தில் இருக்கிறது, விரல் எதையோ தடவுகிறது, உதடு லேசாக அசைகிறது என்றால் அது தேடும் அமைதி, காத்திருக்கலாம். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேராக உங்களைப் பார்த்து, “அவ்வளவுதான்” என்றால் அது கதவைச் சாத்தும் அமைதி. இறந்துபோன குழந்தை, பங்காளிச் சண்டை போன்ற இடங்களில் இது வரும். அங்கே துருவக் கூடாது. “சரி ஆயா, போனை நிறுத்திடட்டுமா?” என்று கேட்டு, உண்மையாகவே நிறுத்திவிட வேண்டும். இன்னொரு நாள் அவர்களாகவே சொல்லலாம். சொல்லாமலும் போகலாம், அது அவர்கள் உரிமை.

வருடம் தெரியாவிட்டால்?

“எந்த வருஷம்?” என்பது பெரியவர்களைத் தடுமாறவைக்கும் கேள்வி. ஆதார் அட்டையும் எப்போதும் கைகொடுக்காது. பிறந்த தேதி தெரியாமல் வயதை மட்டும் சொன்னவர்கள் பலருக்கு அதில் ஜனவரி 1 என்றே இருக்கும். எனவே ஊரறிந்த சம்பவங்களைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

உதாரணத்துக்கு, அட்டையில் 1948 ஜனவரி 1 என்று இருக்கும் ஒரு ஆயாவை எடுத்துக்கொள்வோம். “எம்.ஜி.ஆர். இறந்தப்ப மாமா என்ன பண்ணிட்டிருந்தாரு?” என்று பேத்தி கேட்கிறார். “மூத்தவனா? எட்டாவது படிச்சான்.” எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பரில். எட்டாவது என்றால் 13 வயது, ஆக மாமா பிறந்தது சுமார் 1974. “கல்யாணம் ஆகி ரெண்டாம் வருஷம் பொறந்தான்” என்றால் கல்யாணம் சுமார் 1972. “அப்ப எனக்குப் பதினேழு இருக்கும்” என்றால் ஆயா பிறந்தது சுமார் 1955. அட்டையோடு ஏழு வருட வித்தியாசம்!

இதையும் அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாமா ஒரு வகுப்பில் இரண்டு வருடம் இருந்திருக்கலாம். இந்திரா காந்தி சுட்டுக்கொல்லப்பட்ட 1984 போன்ற இன்னொரு சம்பவத்தை வைத்தும் கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால் படத்தில் ‘சுமார் 1955’ என்று போடலாம். ஒத்துவராவிட்டால் வருடத்தை விட்டுவிட்டு, அவர் சொன்னதையே போடுவது நேர்மை.

சத்தமும் சம்மதமும்

படம் கொஞ்சம் மங்கினாலும் பார்த்துவிடலாம். குரல் கேட்கவில்லை என்றால் படமே இல்லை. கொல்லிமலையில் திண்ணையில் உட்கார்ந்தால் காற்று மைக்கில் அடிக்கும். தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்தால் மழை வந்ததும் எல்லாம் போச்சு. துணிமணி, பாய், மூட்டை இருக்கும் உள்ளறையில் எதிரொலி குறைவு. காலர் மைக்கைத் தாடைக்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒரு நிமிடம் பேசவைத்து, ஹெட்போனில் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். பெரியவருக்கு எந்தக் காது நன்றாகக் கேட்குமோ அந்தப் பக்கம் உட்காருங்கள்.

கேட்பவர் “ஆமா ஆமா”, “ம்ம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அது அவர் குரல்மேல் விழுந்து, எடிட்டிங்கில் பிரிக்கவே முடியாது. தலையை அசைத்தால் போதும்.

ஒரு தடவைக்கு 45 நிமிடம் தாண்ட வேண்டாம். பதில்கள் ஒற்றைச் சொல்லாகச் சுருங்க ஆரம்பித்தால் களைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே வீடியோவை இன்னொரு இடத்திலும் சேமித்து, பேச்சில் வந்த ஆள் பெயர், காட்டின் பெயர், உறவுமுறையை எழுதிவையுங்கள். அவற்றைச் சரிபார்க்கக்கூடிய ஒரே ஆள் எதிரில் இருக்கிறார்.

சம்மதத்தை எடுத்து முடித்த பிறகு இன்னொரு முறை கேட்பது முக்கியம். என்ன சொல்லப்போகிறோம் என்பது தொடங்கும்போது அவருக்கே தெரியாது. “இதை நம்ம வீட்ல மட்டும் காட்டட்டுமா, யூடியூப்ல போடட்டுமா?” என்று தனித்தனியாகக் கேளுங்கள். எடிட் செய்ததை முதலில் அவருக்கே போட்டுக்காட்டுங்கள். “அந்த மாமியார் பேச்ச மட்டும் எடுத்துடு கண்ணு” என்று சொன்னால், எடுத்துவிட வேண்டியதுதான்.