பூச்சியமும் ஒரு தீர்வுதானா?

இளநிலைக் கணிதம் படிக்கும் இரண்டு வகுப்புத் தோழிகள். மலர், கயல் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு நெருங்கும் நேரத்தில் அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம். காரணம் இந்த ஒற்றை வரிக் கணக்கு:

dy/dx = y², x = 0 எனில் y = 0

இது ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. ஓர் அளவு எந்த வேகத்தில் மாறுகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த அளவைக் கண்டுபிடி என்று கேட்கும் புதிர். இதற்கு விடையாக வருவது ஓர் எண் அல்ல, ஒரு சார்பு. அதாவது x-இன் ஒவ்வொரு மதிப்புக்கும் y எவ்வளவு என்று சொல்லும் விதி. 'x எதுவானாலும் y பூச்சியம்தான்' என்பதும் அப்படியொரு விதியே. இதைத்தான் பூச்சியச் சார்பு என்கிறார்கள்.

மலர் பாடத்தில் உள்ளபடியே போட்டாள். இருபுறமும் y²-ஆல் வகுத்துத் தொகையிட்டதில் y = −1/(x + C) என்று வந்தது. C என்ற மாறிலியைக் கண்டுபிடிக்க x = 0, y = 0 என்று போட்டாள். 0 = −1/C என்று நின்றது. C-க்கு எந்த மதிப்பைக் கொடுத்தாலும் இது நடக்காது.

"கணக்கே தப்புடி. 'தீர்வு இல்லை'ன்னு எழுதிட்டேன்" என்றாள் மலர்.

"y = 0 போட்டுப் பார்த்தியா?"

"அதெல்லாம் ஒரு விடையா? ஒண்ணுமே இல்லைங்கிறது எப்படி விடையாகும்?"

"சமன்பாட்டுல போட்டுப் பாரு. y மாறவே இல்ல, அதனால dy/dx பூச்சியம். அந்தப் பக்கம் y²-உம் பூச்சியம். x = 0-லயும் y பூச்சியமாத்தான் இருக்கு. கேட்டதெல்லாம் சரியா வருது. அப்புறம் அது தீர்வு இல்லைன்னு எப்படிச் சொல்லுவ?"

கயல் சொல்வது சரி. இந்தக் கணக்குக்கு y = 0 ஒரு தீர்வு மட்டுமல்ல; அது ஒன்றுதான் தீர்வு. அது மலரின் கையில் அகப்படாமல் போனது முதல் வரியிலேயே. y²-ஆல் வகுத்தபோதே, y பூச்சியம் இல்லை என்று சொல்லாமலே முடிவுகட்டிவிட்டாள். கதவுக்கு வெளியே நிறுத்திய ஆளைப் பிறகு வீட்டுக்குள் தேடினால் எப்படிக் கிடைப்பார்?

மலர் விடவில்லை. "dy/dx = y கணக்குலயும் y-ஆலதானே வகுத்தோம்? அங்க எதுவும் தொலையலையே!"

"அங்கயும் தொலைஞ்சுதுடி. நமக்குத் தெரியாமலே திரும்பி வந்துடுச்சு."

அங்கே தொகையிட்டு முடித்தால் y = ±e^C · e^x என்று வரும். e^C ஒருபோதும் பூச்சியமாகாது. ஆனால் எல்லோரும் ±e^C-க்குப் பதிலாக A என்று எழுதி, A எந்த எண்ணாகவும் இருக்கலாம் என்று விட்டுவிடுகிறோம். A = 0 என்று வைத்தால் பூச்சியச் சார்பு சத்தமில்லாமல் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. y² கணக்கில் அந்த வசதி இல்லை. அங்கே அதைத் தனியாக எழுதிச் சேர்த்தால்தான் உண்டு.

"சரி, ஒத்துக்கிறேன். அப்படின்னா தந்திக் கணக்குல மட்டும் சார் ஏன் y = 0 வேண்டாம்னு தள்ளிவிட்டார்?"

நியாயமான கேள்வி. இரு முனைகளிலும் இறுக்கிக் கட்டிய தந்தி எந்தெந்த வடிவில் அதிரும் என்று கேட்கும் கணக்கு அது. தந்தியின் நீளம் π என்று எடுத்துக்கொண்டால், சமன்பாடு y″ + λy = 0; இரு முனைகளிலும் y பூச்சியம். λ என்பது நாம் கண்டுபிடிக்க வேண்டிய எண்.

முதலில் λ = 2 என்று வைத்துப் பார்ப்போம். இடது முனையில் பூச்சியமாக இருக்கும் தீர்வு y = B sin(√2 x). வலது முனையில் x = π. அங்கே sin(√2 π) ஏறக்குறைய −0.96. அதை B-யால் பெருக்கினால் பூச்சியம் வர வேண்டுமென்றால் B = 0 என்பதைத் தவிர வேறு வழியில்லை. தந்தி அசையாமல் கிடக்கிறது. λ = 4 என்றால் y = B sin 2x; வலது முனையில் sin 2π = 0. இப்போது B எதுவாகவும் இருக்கலாம். தந்தி அதிர்கிறது. இப்படி அதிரவிடும் எண்கள் 1, 4, 9, 16 என்று போகும். இவற்றுக்கு ஐகன் மதிப்புகள் என்று பெயர். இவற்றின் வர்க்கமூலங்களான 1, 2, 3, 4 என்பவையே தந்தியின் அடிப்படைச் சுரத்துக்கும் அதன் மேற்சுரங்களுக்கும் உள்ள அதிர்வெண் விகிதம்.

"பூச்சியம் எந்த λ-க்கும் பொருந்தும். அதையும் கணக்குல எடுத்தா, எல்லா எண்ணும் ஐகன் மதிப்பாயிடும். கேள்விக்கே அர்த்தம் இருக்காது. அதான் 'வெளிப்படைத் தீர்வு'ன்னு ஒதுக்கி வைக்கிறாங்க. தீர்வு இல்லைன்னு யாரும் சொல்லல" என்றாள் கயல்.

ஒதுக்கினாலும் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட முடியாது. இந்த வகைச் சமன்பாட்டில் இரண்டு தீர்வுகளைக் கூட்டினாலும் கழித்தாலும் வருவது இன்னொரு தீர்வு. ஒரு தீர்விலிருந்து அதையே கழித்தால் பூச்சியம்தானே வரும்? அது தீர்வாக இல்லாவிட்டால் அந்த விதியே உடைந்துபோகும்.

"அப்போ சூத்திரத்துல விட்டுப்போனா சேர்த்துக்கணும், தந்தி மாதிரின்னா ஒதுக்கணும். அவ்வளவுதானே?"

"இன்னொண்ணு இருக்கு. தொட்டித் தண்ணி."

அடியில் சிறு துளையுள்ள தொட்டியிலிருந்து நீர் வெளியேறும் வேகம் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்துக்கேற்ப இருக்கும் என்பது இத்தாலியின் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட நூலில் சொன்ன விதி. நேர்ச்சுவர்த் தொட்டியில் நீர்மட்டம் h என்றால் dh/dt = −k√h. தொடக்கத்தில் 100 செ.மீ. நீர், நேரம் நிமிடத்தில், k = 2 என்று வைத்துக்கொள்வோம். வகுத்துத் தொகையிட்டால் h = (10 − t)². ஐந்தாவது நிமிடத்தில் 25 செ.மீ., பத்தாவது நிமிடத்தில் தொட்டி காலி.

பன்னிரண்டாவது நிமிடத்தில்? சூத்திரம் 4 செ.மீ. என்கிறது. காலியான தொட்டியில் தண்ணீர் தானாக ஏறுகிறது! பிழையைப் பிடிக்க மறுபடியும் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் போதும். t = 12-இல் அந்தச் சூத்திரப்படி மட்டம் மாறும் வேகம் +4. சமன்பாடு கேட்பதோ −4. ஆக, பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு அந்தச் சூத்திரம் தீர்வே அல்ல. அங்கிருந்து h = 0 என்ற பூச்சியச் சார்பைத்தான் ஒட்ட வேண்டும். முழுத் தீர்வில் பாதி சூத்திரம், பாதி பூச்சியம்.

காலித் தொட்டியைப் பார்த்து அது எப்போது காலியானது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதும் இந்த ஒட்டிலிருந்தே தெரிகிறது. இன்றைய மட்டம் பூச்சியம் என்பதற்குப் பொருந்தும் பழைய கதைகள் எத்தனையோ.

ஆக, இரண்டு கேள்விகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூச்சியச் சார்பு தீர்வா என்பதைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தே முடிவுசெய்யலாம். அதில் விருப்பு வெறுப்புக்கு இடமில்லை. அது நமக்கு வேண்டிய தீர்வா என்பதைக் கேள்விதான் முடிவுசெய்யும். தேர்வு எழுதுபவர்கள் ஒன்றை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: y உள்ள எதையாவது வைத்து வகுக்கும் முன் 'y ≠ 0 எனில்' என்று எழுதுங்கள். கணக்கை முடித்ததும் y = 0-ஐத் தனியாகப் போட்டுச் சரிபாருங்கள்.