மதிலில் இறங்கும் கறுப்புக் கோடுகள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால், காம்பவுண்ட் சுவரின் தலையிலிருந்து கறுப்புக் கோடுகள் இறங்கத் தொடங்கும். அழுக்கு என்று நினைத்துப் பலர் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கிறார்கள். பெரும்பாலும் அவை பூஞ்சையும் பாசியும் சேர்ந்த உயிருள்ள படலம். உயிரோடு தேய்த்தால் மேல்படலம் மட்டும் போகும். பூச்சின் நுண்துளைகளில் தங்கியது அடுத்த மழையில் மீண்டும் தலைகாட்டும். அதனால் முதலில் அதைக் கொல்ல வேண்டும், பிறகுதான் தேய்க்க வேண்டும்.

கறுப்பின் மேல் ஒரு துளி பிளீச்சிங் பவுடர் கரைசலை வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெளுத்தால் பூஞ்சை அல்லது பாசி. அப்படியே இருந்தால் புகைக்கரியோ தூசியோ. அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

வேலைக்கு மழை விட்ட மேகமூட்டமான காலைதான் சரி. காய்ந்த சுவர் கரைசலை உடனே உறிஞ்சிவிடும்; வெயிலோ அதன் வீரியத்தைக் குறைக்கும். முப்பது அடி நீளம், ஐந்தடி உயரமுள்ள சுவர் என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் புதிய பிளீச்சிங் பவுடரைக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டு, தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அருகிலுள்ள செடிகளை முதலில் நல்ல தண்ணீரால் நனைத்து, பாலிதீன் போர்த்திவிடுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மேலிருந்து பூசினால் வழிகிற கரைசல் கீழே புதிய கோடு போடும். கால் மணி நேரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டைச் சுவரில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அது சிமெண்டை அரித்துச் சொரசொரப்பாக்கும். பூஞ்சைக்கு இன்னும் நல்ல பிடிமானம் கிடைக்கும். பிளீச்சிங் கரைசலோடு சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

இவ்வளவும் செய்து அதே இடத்தில் கோடு திரும்பினால், சுவரின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்கும் மேற்பரப்பில் தேங்கும் நீர், தூசியையும் இலைச்சருகையும் சேர்த்துக்கொண்டு ஒரே தடத்தில் வழிகிறது. பூஞ்சைக்கு உணவும் ஈரமும் அங்கேயே கிடைக்கின்றன. என்னைக் கேட்டால், பெயிண்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் இங்கே செலவிடுவேன். கொத்தனாரிடம் சொல்லி மேலே வாட்டம் கொடுத்து, இரண்டு அங்குலம் வெளியே நீட்டிய மூடுகல் வைக்கச் சொல்லுங்கள். அந்த நீட்டலின் அடிப்பக்கத்தில் ஒரு விரல் அகலக் காடி வெட்டச் சொல்ல மறக்காதீர்கள். காடி இருந்தால் நீர் சுவரைத் தொடாமல் கீழே சொட்டும். காடி இல்லாவிட்டால் மூடுகல்லின் அடியைப் பற்றிக்கொண்டே சுவருக்கு வந்துவிடும்.

பெயிண்ட் வேலையைத் தைக்குப் பிறகு தள்ளிப்போடுங்கள். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் கொப்புளித்து உரியும். ஒரு சதுர அடி பாலிதீனைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, மறுநாள் காலை பாருங்கள். உட்புறம் நீர்த்துளி கட்டியிருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. உலர்ந்திருந்தால், பூஞ்சைத் தடுப்பு சேர்ந்த வெளிச்சுவர் பிரைமரை அடிக்கலாம்.