சொல் ஆங்கிலம், சட்டகம் தமிழ்

"நாளைக்கு மார்னிங் மீட்டிங்கை கேன்சல் பண்ணிட்டாங்க. கிளையண்டுக்கு மெயில் அனுப்பிட்டியா?"

ஆயர் குரோவிலோ பத்து பெரெண்டாம் தொழிற்பேட்டையிலோ ஓர் அலுவலகத்தில் தமிழர்கள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தால், இப்படி ஒரு பேச்சைக் கேட்க அதிக நேரம் காத்திருக்க வேண்டாம். தங்கா பத்துப் பக்கமிருந்து காலையில் அங்கே வேலைக்குப் போகிறவர்களின் அன்றாடப் பேச்சு இதுதான். இதைக் கேட்கும் பெரியவர்கள், "இதில் தமிழ் எங்கே இருக்கிறது?" என்று வருத்தப்படுவார்கள். வானொலியில் பேசிப் பிழைக்கும் என்னிடமும் நேயர்கள் அடிக்கடி இதைத்தான் கேட்கிறார்கள்.

அந்தப் பேச்சில் சொற்களை எண்ணிப் பாருங்கள். மார்னிங், மீட்டிங், கேன்சல், கிளையண்ட், மெயில் என்று ஆங்கிலம் ஐந்து. நாளைக்கு, பண்ணிட்டாங்க, அனுப்பிட்டியா என்று தமிழ் மூன்று. எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஆங்கிலம் ஜெயித்துவிட்டது. ஆனால் மொழியியலில் இப்படித் தலையை எண்ணித் தீர்ப்புச் சொல்வதில்லை.

கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் என்ற அமெரிக்க மொழியியலாளர், கென்யாவின் நைரோபி நகரத்தில் மக்கள் சுவாஹிலியையும் ஆங்கிலத்தையும் கலந்து பேசுவதை ஆராய்ந்தார். 1993இல் வெளியான தம் நூலில் அவர் முன்வைத்ததுதான் 'மேட்ரிக்ஸ் லாங்குவேஜ் ஃபிரேம்' என்ற கோட்பாடு. தமிழில் 'சட்டக மொழி' என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மொழி கலந்த ஒரு வாக்கியத்தில் இரண்டுக்கும் சம உரிமை கிடையாது என்பது இதன் சாரம். ஒரு மொழி வீட்டின் தூணையும் உத்திரத்தையும் தருகிறது. மற்றது உள்ளே சாமான் கொண்டுவந்து போடுகிறது.

எது தூண், எது சாமான் என்று கண்டுபிடிக்க அவர் இரண்டு அடையாளம் சொன்னார். ஒன்று, சொற்கள் எந்த மொழியின் வரிசையில் நிற்கின்றன என்பது. மற்றது, சொற்களை ஒன்றோடொன்று கட்டிப்போடும் இலக்கண உறுப்புகள் எந்த மொழியிலிருந்து வருகின்றன என்பது. இந்த இரண்டாவது அடையாளம் நமக்குப் புதிதல்ல. வேற்றுமை உருபுகளையும் காலம் காட்டும் உறுப்புகளையும் தொல்காப்பியம் 'இடைச்சொல்' என்ற ஒரே வகையில் அடக்குகிறது. மையர்ஸ்-ஸ்காட்டன் தேடச் சொல்வதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

இப்போது அந்த வாக்கியத்தை மறுபடி பிரித்துப் பார்ப்போம். 'மீட்டிங்கை' என்பதில் 'ஐ' தமிழ். 'கிளையண்டுக்கு' என்பதில் 'கு' தமிழ். 'பண்ணிட்டாங்க' என்ற ஒரே சொல்லில், வேலை முடிந்துவிட்டது, செய்தவர்கள் பலர் அல்லது மரியாதைக்குரியவர் என்ற தகவல்கள் அடங்கியிருக்கின்றன. 'அனுப்பிட்டியா' என்பதன் கடைசி 'ஆ'தான் அதைக் கேள்வியாக்குகிறது. வரிசையும் தமிழ்தான்: மீட்டிங் முன்னால் வருகிறது, வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் வினைக்குப் பிறகுதான் மீட்டிங் வந்திருக்கும். ஐந்து ஆங்கிலச் சொற்கள் வந்தும், அவற்றில் ஒன்றுகூட ஆங்கில இலக்கணத்தைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

இன்னும் நுணுக்கமான ஒன்றும் உண்டு. 'மீட்டிங்கை' என்று உருபு போட்டவர், 'மெயிலை' என்று சொல்லாமல் 'மெயில் அனுப்பிட்டியா' என்று விட்டுவிட்டார். அவர் கவனக்குறைவாகப் பேசவில்லை. எந்த மீட்டிங் என்று இருவருக்கும் தெரியும், அதனால் 'ஐ' வந்தது. மெயில் இன்னும் குறிப்பிட்ட ஒன்றாகவில்லை, அதனால் 'ஐ' வரவில்லை. "புத்தகம் வாங்கினேன்", "புத்தகத்தை வாங்கினேன்" என்பதில் நாம் காட்டும் அதே வேறுபாடு. ஆங்கிலம் சொல்லுக்கு முன்னால் ஒரு குட்டிச் சொல்லை வைத்துக் காட்டுவதைத் தமிழ் உருபை வைத்துக் காட்டுகிறது. பேசியவர் யோசிக்காமலே அதைச் சரியாகச் செய்துவிட்டார்.

வினைச்சொல்லில் தமிழின் காவல் இன்னும் கடுமை. 'கேன்சல்' ஆங்கிலத்தில் வினை. ஆனால் 'கேன்சலினாங்க' என்று யாரும் சொல்வதில்லை. சுவாஹிலி பேசுகிறவர்கள் ஆங்கில வினையின் முன்னால் தங்கள் காலக் குறியை நேராக ஒட்டிவிடுவார்கள். தமிழ் அப்படி விடாது. ஆங்கில வினையைப் பெயர்போல வாசலில் நிறுத்தி, 'பண்ணு' என்ற தன் சொந்த வினையைத் துணைக்கு அனுப்பும். காலமும் இடமும் அந்தத் துணைவினையில்தான் ஏறும். யாராவது செய்தால் 'கேன்சல் பண்ணாங்க'. தானாக நடந்தால் 'கேன்சல் ஆயிருச்சு'. செய்வதற்கும் ஆவதற்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலச் சொல் தனித்துக் காட்டாது. தமிழ் காட்டாமல் விடாது.

மலேசியாவில் மூன்றாவது மொழியும் உண்டு. "போராங்கை ஃபில் பண்ணி எச்.ஆர்.கிட்ட குடுத்தாச்சு" என்கிறோம். போராங் மலாய், ஃபில் ஆங்கிலம். ஆனால் 'ஐ', 'பண்ணி', 'கிட்ட', 'குடுத்தாச்சு' எல்லாம் தமிழ். சாமான் இரண்டு கடையில் வாங்கியது, சட்டகம் ஒன்றுதான்.

எல்லாம் இவ்வளவு ஒழுங்காக அமைந்துவிடுவதில்லை. "ஃபைல்ஸை அனுப்பு" என்கிறோமே, அந்த 'ஸ்' ஆங்கிலப் பன்மை உறுப்பு. அது எப்படி உள்ளே வந்தது? இந்தக் கேள்விதான் கோட்பாட்டைத் திருத்த வைத்தது. பன்மைக் குறி சொல்லோடு ஒட்டிப் பிறப்பது, பக்கத்துச் சொல்லோடு அதற்குப் பெரிய வேலை இல்லை. அதனால் அது சொல்லோடு சேர்ந்து வந்துவிடலாம். வாக்கியத்தில் யார் செய்தார், யாருக்குச் செய்தார் என்று உறவைக் காட்டும் உறுப்புகள்தான் கண்டிப்பாகச் சட்டக மொழியிலிருந்து வரவேண்டும் என்று அவர் பின்னர் தெளிவுபடுத்தினார். நம் 'ஃபைல்ஸை'யும் அதற்குள் அடங்குகிறது: 'ஸ்' ஆங்கிலம், உறவைக் காட்டும் 'ஐ' தமிழ்.

"அவர் அட் தி எண்ட் ஆஃப் த மந்த் வருவார்" என்பது இன்னொரு வகை. நடுவில் உள்ள துண்டு முழுக்க ஆங்கில வரிசையில், ஆங்கில இலக்கணத்தோடு நிற்கிறது. இதைத் 'தீவு' என்கிறார்கள். சுற்றிலும் தமிழ்க் கடல், நடுவே ஓர் ஆங்கிலத் தீவு.

கோட்பாட்டை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. 1990இல் டேவிட் சான்காஃப், ஷானா பொப்லாக், சுவாதி வன்னியராஜன் ஆகிய மூவர் தமிழையே எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தமிழ் உருபு ஏறிய தனி ஆங்கிலச் சொல்லை மொழித்தாவல் என்று கணக்கிடவே கூடாது, அது அந்த நேரத்துக்கு வாங்கிய கடன் சொல் என்பது அவர்கள் வாதம். மையர்ஸ்-ஸ்காட்டன் கடனுக்கும் தாவலுக்கும் நடுவே அப்படி ஒரு வேலி போடவில்லை. பெயரில்தான் சண்டை. 'மீட்டிங்கை' என்ற சொல்லை அந்த இடத்தில் ஆள்வது தமிழ் இலக்கணம் என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை.

அப்படியானால் கவலையே வேண்டாமா? வேண்டும். ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "மை பாட்டி இஸ் கமிங் ஆன் சண்டே, ஸோ வீ மஸ்ட் கிளீன் த சாமி ரூம்." பாட்டியும் சாமியும் இருப்பதால் கேட்பதற்கு இனிமையாக, நம் வீட்டுப் பேச்சாக இருக்கிறது. ஆனால் உருபு, காலம், வரிசை எல்லாம் ஆங்கிலம். தமிழ் இங்கே வெறும் சாமான். அலுவலகத்து அப்பாவின் 'மீட்டிங்கை கேன்சல் பண்ணிட்டாங்க'வைவிட, வீட்டில் பிள்ளை சொல்லும் இந்த வாக்கியம்தான் தமிழிலிருந்து வெகுதூரம் போய்விட்டது.

சட்டகமே கைமாறுவது கற்பனை இல்லை. மலாக்காவில் இருக்கும் நமக்கு அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. சமயத்தை விடாமல் காத்தார்கள். வழிபாட்டிலும் சடங்கிலும் உறவுமுறையிலும் தமிழ்ச் சொற்கள் தங்கின. ஆனால் வீட்டுப் பேச்சின் சட்டகம் மலாயாகிவிட்டது. யாரும் குற்றம் செய்து நடந்ததல்ல இது. சொற்கள் பல தலைமுறை பிழைத்திருக்கும்போதே தூணும் உத்திரமும் மாறிவிடலாம் என்பதை அவர்கள் வரலாறு காட்டுகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் பேசும் பத்து வாக்கியங்களைக் கவனியுங்கள். பாதி வாக்கியத்தில் மொழி மாறினால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகப் பாருங்கள். 'ஓகே, டன்' போன்ற துண்டுகளை விட்டுவிடுங்கள், அவற்றில் சட்டகம் தெரியாது. ஆங்கிலச் சொற்களை எண்ண வேண்டாம். வினை எந்த மொழியில் முடிகிறது, 'ஐ, கு, கிட்ட, ஓட, ல' வருகின்றனவா என்று மட்டும் பாருங்கள். வரிசையைத் தனியாக நம்ப வேண்டாம். "வந்துட்டாரா அப்பா?" என்று நாமே பேச்சில் முன்பின்னாக மாற்றிப் போடுகிறோம். உருபைத்தான் நம்பலாம். "டீச்சர்கிட்ட ஹோம்வொர்க் சப்மிட் பண்ணிட்டேன்" என்று பிள்ளை சொன்னால் சட்டகம் உறுதியாக நிற்கிறது. 'கிட்ட' விழுந்து "டீச்சர் குடுத்துட்டேன்" என்று வரத் தொடங்கினால் தூண் ஆடுகிறது என்று பொருள்.

அந்த நேரத்தில் 'சப்மிட்'டைத் திருத்தி 'சமர்ப்பித்தேன்' என்று சொல்லவைப்பது தவறான இடத்தில் வைக்கும் மருந்து. பிள்ளை சங்கடப்பட்டு முழு ஆங்கிலத்துக்குப் போய்விடவும் கூடும். "டீச்சர்கிட்டயா குடுத்தே? டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று உருபைச் சேர்த்துத் திருப்பிக் கேளுங்கள். பிள்ளை பதில் சொல்ல இன்னொரு தமிழ் வாக்கியத்தைக் கட்டியாக வேண்டும். ஆங்கிலச் சொல் அதில் இருந்துவிட்டுப் போகட்டும். வாக்கியம் 'சொன்னாங்க' என்று முடிந்தால் போதும்.