சாயும் திருகாணிகள்

கணினி விளையாட்டில் வரும் இரும்புப் பெட்டியின் மூடியில் நான்கு மூலைகளிலும் திருகாணிகள் தெரியும். அவை உண்மையில் செதுக்கப்பட்டவை அல்ல. பல லட்சம் முகங்கள் கொண்ட நுண்மாதிரியில் செதுக்கிய வடிவத்தை, சில முகங்களே உள்ள எளிய மாதிரியின்மேல் ‘நார்மல் மேப்’ என்னும் படமாகப் பதிக்கிறார்கள். இதுவே பேக்கிங்.

எளிய மாதிரியைச் சற்று உப்பவைத்த உறைக்குக் கேஜ் என்று பெயர். அதிலிருந்து கதிர்கள் உள்நோக்கிப் பாய்ந்து, நுண்மாதிரியில் எங்கே படுகின்றனவோ அந்த இடத்தின் சாய்வைப் படத்தில் எழுதுகின்றன. மூடியின் நடுவில் கதிர் நேராக இறங்கும். விளிம்பிலோ மேல்முகம், பக்கமுகம் இரண்டின் திசையும் சராசரியாகி, அது 45 பாகை சாய்ந்துவிடும். அதனால் அங்குள்ள திருகாணியின் தலையோடு பக்கமும் பதிவாகி, ஆணி சாய்ந்ததுபோல் தெரியும்.

பலரும் முதலில் கேஜின் தூரத்தைக் குறைத்துப் பார்ப்பார்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் குறைத்தால் கதிரின் திசை மாறாது, கோணலும் போகாது. சராசரியை நிறுத்தினால் ஆணி நிமிரும், ஆனால் விளிம்பு நெடுகக் கதிர் படாத கோடு விழும்.

சரியான வழி, மூடியின் விளிம்பை ஒட்டி எளிய மாதிரியில் கூடுதலாக ஒரு விளிம்புச் சுற்றைச் சேர்ப்பது. அதற்கு உட்பட்ட பரப்பில் கதிர்கள் நேராகும். சாய்வு அந்த ஒடுங்கிய பட்டையோடு நின்றுவிடும். திருகாணி மட்டும் சுற்றுக்கு உள்ளே இருக்க வேண்டும்.